கிடைத்த வேலையை மறுத்து எழுதும் கடிதம்: பிறகு போய் நிற்க வழி இருக்கும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறேன். குழித்துறைப் பக்கத்தில் உள்ள ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து முதுநிலைக் கணக்கர் வேலைக்கு நியமனக் கடிதம் வந்திருக்கிறது. அங்கே என்னைச் சொல்லி அனுப்பியவர் அப்பாவின் நண்பர். அதற்குள் நாகர்கோவிலிலேயே ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. குழந்தைக்கு இரண்டு வயதுதான், தினமும் குழித்துறை போய்வர இப்போது முடியாது. சம்பளமும் அங்கே கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்தது, பின்னால் அங்கே போக வேண்டி வரலாம். அவர்கள் மனம் கோணாமல் எப்படி மறுத்து எழுதுவது? தமிழில் எழுதலாமா?

பதில்:

எழுத உட்காரும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவமனை வேலை "கிடைத்துவிட்டது" என்கிறீர்கள். அது எழுத்தாக, சம்பளமும் சேர வேண்டிய தேதியும் குறித்த கடிதமாக, உங்கள் கையில் இருக்கிறதா? வாய்ச்சொல்லை நம்பி ஓரிடத்தை மறுத்துவிட்டு, மற்ற இடத்தின் கடிதம் வராமல் இரண்டையும் இழந்து நிற்பவர்கள் உண்டு. கடிதம் இன்னும் வரவில்லையென்றால், குழித்துறை நிறுவனம் கொடுத்திருக்கும் கெடு முடியும் முன்பே அவர்களைக் கூப்பிட்டு, இன்ன தேதிக்குள் முடிவு சொல்கிறேன் என்று ஒரு தேதியைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்கும் அவகாசத்துக்கு மதிப்பில்லை. மருத்துவமனைக் கடிதம் கைக்கு வந்ததும், அன்றைக்கே மறுப்பை எழுதிவிடுங்கள்.

ஏன் அன்றைக்கே என்று சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதம் அந்த அலுவலகத்தில் என்ன வேலை செய்யப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் உங்களை நினைவில் வைப்பார்கள். நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட குடும்ப நிறுவனங்களில் பணியாளர் தேர்வுக்கென்று தனித் துறை பெரும்பாலும் இருக்காது. முதலாளியும் கணக்கு மேலாளரும் சேர்ந்துதான் ஆளை எடுப்பார்கள். உங்களுக்கு அடுத்தபடியாக ஒருவரை மனதில் குறித்து வைத்திருப்பார்கள். நீங்கள் வரமாட்டீர்கள் என்று உடனே தெரிந்தால், அடுத்தவரை அன்று மாலையே கூப்பிட முடியும். பத்து நாள் கழித்துத் தெரிந்தால் அந்த இரண்டாவது ஆள் வேறெங்காவது சேர்ந்திருப்பார், மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கும் கூலிப் பட்டியலும் பார்க்க ஆளில்லாமல் மேலாளரே இரவு உட்கார வேண்டி வரும். மறுத்தவர்கள் மேல் ஒரு நிறுவனத்துக்குக் கசப்பு வருவது பெரும்பாலும் மறுத்ததற்காக அல்ல, தாமதத்துக்காகவும் குழப்பமான பதிலுக்காகவும்தான். பணியாளர் தேர்வு வேலையில் இருந்து இத்தகைய கடிதங்களைப் பெற்றுப் படித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆகவே கடிதத்தின் முதல் பத்தியிலேயே மறுப்பு ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது கடினம். முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அரைப்பக்கம் நன்றி சொல்லிவிட்டு, "தற்போதைய சூழ்நிலையில் சிறிது யோசிக்க வேண்டியுள்ளது" என்று முடித்துவிடுகிறோம். படிப்பவருக்கு இவர் வருவாரா மாட்டாரா என்றே விளங்காது. அவர் போன் செய்வார், நீங்கள் எடுக்கத் தயங்குவீர்கள். மரியாதை என்று நினைத்துச் செய்தது அவமரியாதையாகப் போய்ச் சேரும்.

கடிதத்துக்கு முன் இரண்டு பேரிடம் நீங்கள் பேச வேண்டும். முதலாமவர் அப்பாவின் நண்பர். "நம்ம பிள்ளைதான், நல்லா வேலை பார்ப்பா" என்று சொல்லி அனுப்பியவர் அவர். அந்த நிறுவனத்தில் அவருடைய வார்த்தைக்கு இருக்கும் மதிப்பில்தான் உங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். நீங்கள் மறுத்த செய்தி முதலாளி வாயிலாக அவருக்குத் தெரியவந்தால், அவருக்கு நேர்வது தலைக்குனிவு. அப்பாவை விட்டுச் சொல்ல வைக்காமல் நீங்களே பேசுங்கள். சுருக்கமாக, இப்படி: "மாமா, நீங்க சொன்ன இடத்தில இருந்து ஆர்டர் வந்துட்டு. ஆனா இங்க நாகர்கோவில்லயே ஒரு வேலை எழுத்தா கெடச்சிருக்கு, பிள்ளைய வச்சுக்கிட்டு தெனமும் அவ்வளவு தூரம் இப்போ போக முடியாது. அவங்க உங்ககிட்ட சொல்லதுக்கு முந்தி நானே சொல்லணும்னு கூப்பிட்டேன். இன்னைக்கு அவங்களுக்கும் பேசி, லெட்டரும் அனுப்பிருவேன்." அவர் "நான் சொல்லிக்கிடுதேன், நீ விடு" என்று பெருந்தன்மையாகச் சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மறுப்பை வேறொருவர் எடுத்துச் சென்றால் அது எந்தச் சொற்களில் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது, அங்கிருந்து ஏதாவது பதில் வந்தாலும் அது அவர் தலையில்தான் விழும்.

இரண்டாமவர் உங்களை நேர்காணல் செய்தவர். அவரிடம் பேசுவது இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. கடிதத்தில் வரப்போகும் அதே காரணத்தை அதே அளவில் சொல்லி, முறையாக எழுதியும் அனுப்புகிறேன் என்று முடித்துவிடுங்கள். போனில் ஒரு காரணம், கடிதத்தில் ஒரு காரணம், மாமாவிடம் ஒரு காரணம் என்று மூன்று ஆகிவிடக் கூடாது, ஏனென்றால் அந்த மூவரும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்தடுத்து உட்காரக்கூடியவர்கள்.

காரணம் என்ன சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். "தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற தொடர் எல்லோர் கைக்கும் உடனே வந்துவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெருநகர நிறுவனத்துக்கு எழுதினால் அது யாரையும் உறுத்தாமல் கடந்து போய்விடும். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை யாராவது ஒருவர் வழியாக எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்கும் நம் மாவட்டத்தில் அது நிற்காது. குடும்பச் சூழ்நிலை என்று எழுதிய மாதத்திலேயே நீங்கள் மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பதை, அங்கே சிகிச்சைக்கு வரும் அந்த நிறுவனத்து ஊழியர் ஒருவர் பார்ப்பார். வேலையை மறுத்தது யாருக்கும் பெரிய குற்றமாகத் தெரியாது. மழுப்பியது மட்டும் நினைவில் நிற்கும். கணக்கு எழுதும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மற்றவர்களைவிடக் கண்டிப்பானவர்கள்.

எனவே காரணம் உண்மையாக இருக்க வேண்டும். அதேவேளை உண்மை முழுவதையும் கொட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்களிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன, தூரமும் சம்பளமும். இவற்றில் எது உண்மையில் முடிவைத் தீர்மானித்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மருத்துவமனை தரும் சம்பளத்தையே அவர்களும் தந்தால் நாளை முதல் குழித்துறைக்குப் போவீர்களா? போவேன் என்பது பதிலானால், நீங்கள் எழுத வேண்டியது மறுப்புக் கடிதமே அல்ல. போனில் சம்பளத்தைப் பற்றி நேராகப் பேசிப் பார்க்க வேண்டும், அதற்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டபின் முடிவு செய்ய வேண்டும். போகமாட்டேன் என்பது பதிலானால், சம்பளம் என்ற சொல்லே கடிதத்தில் வர வேண்டியதில்லை. "சம்பளம் எதிர்பார்த்த அளவில் இல்லை" என்று ஒரு வரி எழுதினாலும் அவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்கள். கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று திரும்பப் பேசுவார்கள், அப்போது மீண்டும் மறுக்க வேண்டிய சங்கடம் உங்களுடையது. அல்லது தங்கள் சம்பளத்தைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

தூரம் என்ற காரணம் உங்களுக்கு மூன்று வகையில் பொருந்துகிறது. அது உண்மை. அது அவர்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல, அவர்களுடைய தொழிற்சாலை இருக்கும் இடம் அது, அவ்வளவுதான். மூன்றாவதுதான் உங்கள் நோக்கத்துக்கு மிக முக்கியம்: அது காலப்போக்கில் தீரக்கூடிய காரணம். "இந்தத் துறையில் எனக்கு ஈடுபாடு இல்லை" என்று எழுதினால் பிறகு திரும்பி வருவதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். "சில ஆண்டுகளுக்கு வீட்டுக்கு அருகில் இருக்க வேண்டும்" என்று எழுதினால், அந்தச் சில ஆண்டுகள் கழிந்ததும் தடை தானாகவே விலகிவிடுகிறது.

குழந்தையைப் பற்றி எழுதலாமா என்று கேட்டால், மாமாவிடம் சொல்லுங்கள், கடிதத்தில் வேண்டாம் என்பேன். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் கடிதம் கோப்பில் தங்கிவிடும். நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு மேலாளர் அந்தக் கோப்பைப் புரட்டும்போது, "சின்னப் பிள்ளை இருக்கிறவர்கள்" என்ற வரி அவர் கண்ணில் எப்படிப்படும் என்று நம்மால் சொல்ல முடியாது. பெண்கள் விஷயத்தில் அந்த வரி அநியாயமாகத் திருப்பிப் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். "வீட்டுக்கு அருகில்" என்பது போதும்.

இனி கடிதம். நீங்கள் சொன்னதை வைத்து, நேர்காணலில் நடந்திருக்கக்கூடிய ஒன்றிரண்டைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். அந்த இடங்களில் உங்களுக்கு உண்மையில் நடந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொருள்: முதுநிலைக் கணக்கர் பணி – ஜூன் 9 தேதியிட்ட நியமனக் கடிதம் – பணியை ஏற்க இயலாமை தெரிவித்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதுநிலைக் கணக்கர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்து ஜூன் 9 அன்று தாங்கள் அனுப்பிய நியமனக் கடிதம் கிடைத்தது. அதற்கு என் நன்றி. இப்பணியை என்னால் ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்பணிக்கு வேறொருவரை நியமிப்பதில் என்னால் தாமதம் ஏற்படக் கூடாது என்பதால், முடிவெடுத்த இன்றே எழுதுகிறேன்.

அடுத்த சில ஆண்டுகளுக்கு வீட்டுக்கு அருகிலேயே பணிபுரிய வேண்டிய நிலையில் இருக்கிறேன். நாகர்கோவிலிலேயே கணக்குப் பணி ஒன்று அமைந்திருப்பதால் அதை ஏற்க முடிவு செய்துள்ளேன்.

நேர்காணலின்போது தரவாரியாக அடக்கவிலை போடும் தாளைத் தாங்கள் எடுத்துக் காட்டி, துண்டுப் பருப்பு கூடும்போது டபிள்யூ 320 தரத்தின் அடக்கவிலை எப்படி மாறுகிறது என்று விளக்கியது எனக்குப் பெரிதும் பயன்பட்டது. ஏற்றுமதிக் கணக்குக்குத் தனிப் பிரிவு அமைக்கும் எண்ணம் இருப்பதாகவும் கூறினீர்கள். அடக்கவிலைக் கணக்கில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அந்தப் பிரிவுக்கு ஆள் தேவைப்படும் காலத்தில் என் விண்ணப்பத்தையும் பரிசீலிக்க இடம் இருக்குமானால் மகிழ்வேன். என் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் மாறாது.

எனக்காக நேரம் ஒதுக்கிய தங்களுக்கும் கணக்கு மேலாளர் அவர்களுக்கும் மீண்டும் நன்றி.

இப்படிக்கு,
(பெயர், கையொப்பம், தொலைபேசி எண்)

இதில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது மூன்றாவது பத்தி. "எதிர்காலத்தில் வாய்ப்பு கிடைத்தால் தங்கள் நிறுவனத்தில் பணிபுரிய ஆவலாக உள்ளேன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எல்லோரும் எழுதுவதால் யாரும் அதைப் படிப்பதில்லை. உங்கள் கடிதத்தில் அந்த இடத்தில் அவர்களுடைய தொழிலைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. ஒரு ராத்தலுக்கு ஏறத்தாழ 320 வரை பருப்பு நிற்கும் தரத்தை டபிள்யூ 320 என்பார்கள். முந்திரி ஏற்றுமதியில் அதிகம் அடிபடும் பெயர் அது. முழுப் பருப்பாக எவ்வளவு தேறுகிறது, துண்டாக எவ்வளவு போகிறது என்பதில்தான் அந்தத் தொழிலின் லாபம் நிற்கிறது. அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, நினைவில் வைத்துத் திருப்பி எழுதும் கணக்கர் ஒருவர் வேறிடம் போகிறார் என்றால், முதலாளிக்கு அவர் மேல் கோபத்தைவிட நஷ்ட உணர்வுதான் வரும். தனிப் பிரிவு தொடங்கும் பேச்சு அடுத்த முறை எழும்போது உங்கள் பெயர் அவருக்கு நினைவு வருவதற்கு ஒரு கொக்கி அங்கே இருக்கிறது. உங்கள் நேர்காணலில் பேசப்பட்டது வேறாக இருக்கலாம். இறக்குமதிக் கொட்டையின் கொள்முதல் கணக்கோ, தூத்துக்குடித் துறைமுகத்தின் ஷிப்பிங் பில் வேலையோ, எதுவானாலும் உண்மையில் பேசப்பட்ட ஒன்றை எழுதுங்கள். பேசாததை எழுதினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்தப் பத்தியில் ஒரு வாக்குறுதியும் இல்லை என்பதையும் பாருங்கள். "இரண்டு ஆண்டில் கண்டிப்பாக வந்து சேர்கிறேன்" என்று உற்சாகத்தில் எழுதிவிடாதீர்கள். நிறைவேற்ற முடியாமல் போனால் அது இரண்டாவது மறுப்பாகிவிடும். அதுபோக, சேரப்போகும் மருத்துவமனையிலிருந்து எப்போது கிளம்பப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் வைத்ததாகவும் ஆகும். மருத்துவமனையின் பெயரைக் கடிதத்தில் எழுதவும் தேவையில்லை. யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, நியமனக் கடிதம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் பதில் எழுதுவதுதான் முறை. ஆங்கிலத்தில் வந்திருந்தால் இதே வரிசையில், இதே அளவில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். நேர்காணல் முழுவதும் தமிழில் நடந்து, கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் வந்திருந்தால், தமிழில் எழுதுவதிலும் தவறில்லை. தமிழில் எழுதிய ஒரு நல்ல கடிதத்தை முதலாளி தாமே முழுவதும் படிப்பார், குமாஸ்தாவிடம் கொடுத்து விஷயம் என்னவென்று கேட்கமாட்டார். மின்னஞ்சலில் வந்த கடிதத்துக்கு அதே மின்னஞ்சலின் பதிலாகவே அனுப்புங்கள், தலைப்பு மாறாதிருந்தால் பிறகு தேடும்போது இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். காகிதத்தில் கையில் கொடுத்திருந்தால், கையொப்பமிட்ட கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, அதன் படத்தை வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு அனுப்பினால் போதும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி மட்டும் தட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கடிதம் போன பிறகு அவர்கள் திரும்பக் கூப்பிடலாம். சம்பளத்தைக் கூட்டுகிறோம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே கணக்குப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லலாம். அப்போது "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பது வாயில் வந்துவிடும். கேட்க எதுவும் இல்லையென்றால் அப்படிச் சொல்ல வேண்டாம். "நீங்கள் இவ்வளவு தூரம் யோசித்ததற்கு நன்றி, ஆனால் அங்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், சொன்ன சொல்லை மாற்ற முடியாது" என்று சொல்லுங்கள். ஓரிடத்துக்குக் கொடுத்த சொல்லைக் காப்பவர், நாளை தங்களுக்குக் கொடுக்கும் சொல்லையும் காப்பார் என்பது எந்த முதலாளிக்கும் விளங்கும்.

உங்களுக்குப் பதில் வேறொருவரைச் சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று சிலர் கடிதத்திலேயே தோழியின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அந்தத் தோழியைக் கேட்டு, அவருக்கு விருப்பம் என்று தெரிந்த பிறகு, அதையும் கடிதத்தில் இல்லாமல் போனில் மட்டும் சொல்லுங்கள்.

இவ்வளவும் நீங்கள் இன்னும் நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவில்லை என்ற எண்ணத்தில் எழுதியது. அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உங்கள் ஏற்பு அவர்களிடம் போய்ச் சேரும் முன்புதான் அதைத் திரும்பப் பெறலாம். சேர்ந்துவிட்டால் அது ஒப்பந்தம். அப்போது நியமனக் கடிதத்தில் அறிவிப்புக் காலம், ஈட்டுத்தொகை பற்றி ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா என்று வரி விடாமல் படித்துவிட்டு, முதல் பத்தியில் "ஏற்க இயலவில்லை" என்பதற்குப் பதிலாக "ஏற்றுக்கொண்ட பணியில் சேர இயலாமைக்கு மன்னிப்புக் கோருகிறேன், என்னை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுத வேண்டும். கடிதத்துக்கு முன் நேரில் போய்ப் பேசுவதும் அவசியமாகிவிடும். மூன்றாவது பத்தியை அந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். வாக்கு மாறும் கடிதத்திலேயே அடுத்த வாய்ப்பும் கேட்பது பொருத்தமாக இராது, அதற்கு ஓராண்டாவது போக வேண்டும்.

அசல் சான்றிதழ்களை நேர்காணலின்போதே வாங்கி வைத்திருந்தார்களா? இருந்தால், "என் அசல் சான்றிதழ்களைப் பெற்றுக்கொள்ள எந்த நாளில் வரலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்ற ஒரு வரியை நன்றிக்கு முன் சேர்த்து, நேரில் போய் வாங்கிவிடுங்கள். வாங்கியதற்கு அங்கே கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

பதில் எதுவும் வராமல் இருந்தால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பல அலுவலகங்களில் மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதும் பழக்கமே இல்லை. மின்னஞ்சல் சேர்ந்ததா என்பதை மட்டும் இரண்டு நாள் கழித்து மேலாளரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களுடைய நியமனக் கடிதத்தையும் உங்கள் மறுப்பையும் தேதியோடு சேர்த்து ஒரே இடத்தில் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் அங்கே விண்ணப்பிக்கும்போது, "இன்ன தேதியில் தாங்கள் அனுப்பிய நியமனத்தை இன்ன காரணத்தால் அப்போது ஏற்க இயலவில்லை, அந்தத் தடை இப்போது இல்லை" என்று தொடங்கி எழுத அந்த இரண்டு தாள்களும் வேண்டியிருக்கும்.